90 நாள் பேமெண்ட் ஆர்டர் எடுக்கப் போறீங்களா? இதைப் படிச்சிட்டுப் போங்க

திருப்பூரில் சின்ன பனியன் கம்பெனி நடத்துறேன். நேத்துதான் பணம் வந்தது. கணக்குப் போட்டால் ஒரு லட்சம் கையை விட்டுப் போயிருக்கு. வயிறு எரியுது.

ஊர் ஊராகக் கிளை வெச்சிருக்கும் பெரிய ஜவுளிக் கடை. 6,000 டி-ஷர்ட், பீஸ் 150 ரூபாய், மொத்தம் 9 லட்சம். நூல், நிட்டிங், டையிங், தையல் எல்லாம் சேர்த்து அடக்கம் 132. பீஸுக்கு 18 ரூபாய் நிக்கும், 1,08,000. பணம் மட்டும் 90 நாள் கழிச்சு.

நூல் மில்லும் டையிங்காரரும் 90 நாள் பொறுப்பாங்களா? 8 லட்சம் ரெண்டு வட்டிக்கு வாங்கணும், மாசம் 16,000. நான் தயங்கினதைப் பார்த்து அவங்க பர்ச்சேஸ் ஆள் டீ வாங்கிக் கொடுத்து, "அண்ணா, 90 நாள்னா 90 நாள்தானுங்க, ஒரு நாள் தள்ளாது"ன்னார். அத்தனை கிளை இருக்கிற கடை, பணம் எங்கே போயிடும்னு நம்பித்தான் நூலுக்கு ஆர்டர் போட்டேன்.

சரக்கு இறக்கியாச்சு. ஜிஎஸ்டி 45,000 அடுத்த மாசம் 20-ஆம் தேதியே நான் கட்டியாச்சு. 90 நாள் முடிஞ்சு போன் பண்ணினால், "குடோன்ல பிரிச்சு ஜிஆர்என் வரவுச் சீட்டு போட்ட தேதியில இருந்துதான் கணக்கு"ங்கறாங்க. பெட்டியைப் பிரிக்காமல் வாரக்கணக்கா வெச்சிருந்தது அவங்க! பிறகு "அக்கவுன்ட்ஸ்ல கேளுங்க", அக்கவுன்ட்ஸ்ல "பர்ச்சேஸ்ல கேளுங்க". டீ வாங்கிக் கொடுத்தவர் போனையே எடுக்கலை.

கடைசியில் ஒரு டெபிட் நோட். கலர் ஷேடு மாறியிருக்காம், 1,12,000 கழிவு. ஒரு பீஸ் கூடத் திரும்பி வரலை. அதே டி-ஷர்ட் அவங்க கோயம்புத்தூர் கடையில் 399-க்குத் தொங்கினதை என் கண்ணால பார்த்தேன். ஆறு மாசம் இழுத்ததுல வட்டி 96,000, கழிவு 1,12,000. லாபம் மொத்தமும் போய், மேல ஒரு லட்சம் நட்டம். ஒரு லட்சம்!

எடுக்கிறவங்களுக்கு அவசரமா நாலு வார்த்தை. சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு இல்லாமல் சரக்கு அனுப்பாதீங்க. குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்கு மேல் கெடு செல்லாதுன்னு 2006 எம்எஸ்எம்இ சட்டமே சொல்லுது, நீங்க 90-க்குக் கையெழுத்துப் போட்டிருந்தாலும். சரக்கு போய்ச் சேர்ந்த 15 நாளுக்குள் எழுத்துல குறை சொல்லலைன்னா, சேர்ந்த நாள்தான் ஏத்துக்கிட்ட நாள். அதனால டெலிவரி சலான்ல தேதியோட சீல் வாங்காமல் வண்டியைத் திருப்பாதீங்க. ஆறு மாச வட்டியை அடக்கத்துல சேர்த்து ரேட் சொல்லுங்க, ஒத்துக்கலைன்னா விட்டுடுங்க. பணம் இழுத்தடிக்கிறாங்கன்னு அரசோட எம்எஸ்எம்இ தளத்துல புகார் போட்டால் அடுத்த ஆர்டர் கிடைக்காதுன்னு பயமுறுத்துவாங்க. எனக்கு அவங்க ஆர்டரே வேண்டாம், இன்னைக்கு ராத்திரி போடறேன்.