மூன்று ஆண்டு இணையத் தமிழ் வகுப்பு: நேரமும் கட்டணமும்

நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகளை 2022 செப்டம்பரில் சனிக்கிழமை இணையத் தமிழ் வகுப்பில் சேர்த்தோம். ஆசிரியர் மதுரையில், உடன் படிக்கும் பிள்ளைகளில் இருவர் லண்டனில். இந்திய நேரம் மாலை 6 மணி, எங்களுக்குக் காலை 8.30.

நவம்பர் 12ஆம் தேதி 8.30க்குத் திறந்தால் வகுப்பு முடிந்திருந்தது. அதற்கு முந்தைய ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்திருந்தார்கள். இந்தியாவில் அந்த வழக்கமே கிடையாது. அதனால் 6 மணி வகுப்பு எங்களுக்கு 7.30 ஆகிவிட்டது. இங்கிலாந்தில் இந்த மாற்றம் அக்டோபர் கடைசி ஞாயிறே வந்துவிடுவதால், லண்டன் பிள்ளைகள் எங்களுக்கு ஒரு வாரம் முன்பே குழம்பியிருக்கிறார்கள். மார்ச்சில் இது திரும்புகிறது. அமெரிக்காவில் இரண்டாம் ஞாயிறு, இங்கிலாந்தில் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட சனிக்கிழமைகளில் எங்களுக்கும் லண்டன் பிள்ளைகளுக்கும் உள்ள வழக்கமான நேர வித்தியாசத்தில் ஒரு மணி நேரம் குறையும்.

தவறிய வகுப்புக்கும் அந்த நிறுவனம் பணம் பிடித்தது. மாதத்துக்கு 60 டாலர் என்று நிலையான கட்டணம், எத்தனை வகுப்பு நடந்தாலும் அதே தொகை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆறு மாதத்தில் வெளியேறி, தனியாகச் சொல்லித்தரும் ஓர் ஆசிரியையிடம் சேர்ந்தோம். லண்டன் பிள்ளைகளும் வந்தார்கள்.

இங்கே முதல் நாளே இரண்டை முடிவு செய்துகொண்டோம். வகுப்பு ஆண்டு முழுவதும் இந்திய நேரம் மாலை 6.30. எங்களுக்குக் கோடையில் காலை 9, குளிரில் 8. லண்டனுக்குப் பிற்பகல் 2 அல்லது 1. நாட்காட்டியில் நிகழ்வை உருவாக்கும்போது நேர மண்டலத்தை Asia/Kolkata என்று வைத்தேன். அப்புறம் எல்லார் கைபேசியிலும் உள்ளூர் நேரம் தானாக மாறிக்கொள்கிறது.

கட்டணத்தை மாதத்துக்கு அல்ல, 12 வகுப்புக்கு ஒருமுறை கட்டுகிறோம். ஒரு வகுப்பு 400 ரூபாய், மொத்தம் 4,800. 24 மணி நேரத்துக்கு முன் சொன்னால் அந்த வகுப்பு கணக்கில் சேராது. ஐந்து சனிக்கிழமை வரும் மாதத்தில் யாருக்கும் சண்டையில்லை. சிறு தொகையை மாதந்தோறும் டாலரில் அனுப்பினால் ஒவ்வொரு முறையும் அனுப்பும் செலவு போகும். இந்திய வங்கியில் எனக்கு இருக்கும் என்ஆர்இ கணக்கிலிருந்து ரூபாயாகவே ஆசிரியையின் வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுகிறேன். அவருக்கும் முழுத்தொகை போய்ச் சேருகிறது.

ஒன்று மட்டும் தீரவில்லை. சிட்னியில் இருக்கும் அக்கா மகனை எங்கள் வகுப்பில் சேர்க்க ஆசைப்பட்டேன். எங்களுக்கு நவம்பரில் காலை 8 என்றால் அவனுக்கு நள்ளிரவு 12. அக்கா அவனை அதே ஆசிரியையின் இந்திய நேரம் காலை 10 மணி வகுப்பில் சேர்த்தாள். அங்கே பிற்பகல் 2.30, அவர்களுடைய கோடையில் 3.30.