ப்ளானா, செக்‌ஷனா, ஆக்ஸோவா, வ்யூவா? மாஸிங்கைக் கையால் சோதிக்க எது உதவும்

டிசைன் ஆரம்பித்த முதல் ஓரிரு நாளில், கட்டடத்தின் பருமனை மனையில் எப்படி உட்கார வைப்பது என்று தேடும்போது, அதாவது மாஸிங்கில், பலருக்கும் கை நேராக ஆக்ஸோவுக்கு, மேலிருந்து சாய்வாகப் பார்க்கிற மாதிரிப் படத்துக்குப் போகிறது. நான்கு பெட்டி, மேலே ஒரு அம்புக்குறி, பார்க்கவும் நன்றாக இருக்கும். என் அனுபவத்தில் அது கடைசியில் வர வேண்டிய படம். முதலில் வெட்டிய ப்ளான் துண்டுகள், அதற்கு அடுத்த நிமிடமே கட்டடத்தைச் செங்குத்தாக வெட்டிக் காட்டும் செக்‌ஷன், அப்புறம் கண்மட்டத்து வ்யூ, எல்லாம் முடிந்தால் ஆக்ஸோ. இப்படிப் பொதுவாகச் சொன்னால் அவரவர் ருசி என்று ஆகிவிடும். அதனால் ஒரே மனையை எடுத்து நான்கு முறையிலும் போட்டுப் பார்க்கலாம்.

சென்னையில் ஒரு சிறிய நூலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கே 10 மீட்டர் சாலை. மனை சாலையோரமாக 24 மீட்டர், உள்ளே 36 மீட்டர். முன்னால் 5 மீட்டரும் மற்ற மூன்று பக்கம் 3 மீட்டரும் விட்டால், கட்ட மிஞ்சுவது 28 × 18. வேண்டிய பரப்பு சுமார் 1,000 சதுர மீட்டர், ஒரு தளத்தின் உயரம் 3.5 மீட்டர். வடகிழக்கு மூலையில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம், கட்டும் பரப்புக்குள்ளேயே நிற்கிறது. வடக்கே பக்கத்து வீடு எல்லையிலிருந்து 3 மீட்டர் தள்ளி, 7 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

முதலில் ப்ளான். பட்டர் ஷீட்டை விரித்துத் தடித்த மார்க்கரால் 1:500-இல் இழுப்பதுதான் வழக்கம், அந்த அளவும் சரியானதுதான், ஏனென்றால் அதில் ஒரு மில்லிமீட்டர் அரை மீட்டர், சுவரையோ கதவையோ வரையவே இடம் இருக்காது. ஆனால் வெறும் கையால் இழுத்தால் பரப்பு கண்ணுக்குத் தெரியாமல் வழுக்கும். 9 மீட்டர் அகலம் தாளில் 18 மில்லிமீட்டர். கை 2 மில்லிமீட்டர் தாராளமாகப் போனால் அகலம் ஒரு மீட்டர் கூடிவிடும். 28 மீட்டர் நீளத்துக்கு ஒரு தளத்தில் 28 சதுர மீட்டர், மூன்று தளத்தில் 84. மொத்தத்தில் எட்டு சதவீதத்துக்கு மேல் இல்லாத இடம் இருப்பதாக நம்பிவிடுவோம். இதற்கு நல்ல மாற்று கிராஃப் தாள். 1:500-இல் ஒரு சென்டிமீட்டர் கட்டம் 25 சதுர மீட்டர், ஆக நமக்கு வேண்டியது 40 கட்டம். அந்த 40 கட்டத்தை வெட்டி எடுத்து மனை மேல் அடுக்குங்கள், மேல் தளமென்றால் துண்டின் மேல் துண்டு. கூட்டவோ குறைக்கவோ கூடாது, 40 துண்டும் எங்காவது உட்கார்ந்தாக வேண்டும்.

இப்படி அடுக்கும்போதே ஒரு யோசனை செத்துப்போகிறது. நூலகம் என்றதும் நடுவில் முற்றம் வைத்துச் சுற்றிலும் கட்டலாம் என்று மனம் ஓடும். இரண்டு தளமென்றால் 28 × 18 முழுக்கவே நிரம்பிவிடுகிறது, முற்றத்துக்கு இடமே இல்லை. மூன்று தளமாக்கினால் தளத்துக்கு 336 சதுர மீட்டர், நடுவில் 21 × 8 முற்றம் கிடைக்கிறது. ஆனால் அதைச் சுற்றி நிற்கும் வளையம் நீளப் பக்கத்தில் 5 மீட்டர், குறுக்குப் பக்கத்தில் மூன்றரை. நடைபாதைக்கு 2 மீட்டர் போனால் நீளப் பக்கத்தில் அறைக்கு 3 மீட்டர்தான் மிச்சம், அதில் புத்தக அலமாரியும் வாசிக்கும் மேசையும் சேர்ந்து நிற்காது. பத்து நிமிடத்தில் தெரிந்துபோகும் இந்த விஷயத்தை ஆக்ஸோவில் பார்த்தால் அழகான முற்றமாகத்தான் தெரியும்.

மிஞ்சுவது மூன்று. மனையை நிரப்பும் இரண்டு தளப் ப்ளாக், 28 × 18. தெற்கோரமாக 28 × 9 கையும் மேற்கில் 9 × 9 கையும் கொண்ட, எல் எழுத்து வடிவில் மூன்று தளம், மொத்தம் 999 சதுர மீட்டர். 28 × 9 அளவில் நான்கு தளப் பட்டை, மொத்தம் 1,008. ப்ளாக்குக்கு மரத்தை வெட்ட வேண்டும் என்பதும் ப்ளானிலேயே தெரிகிறது. அதற்கு மேல் ப்ளானால் முடியாது: உயரம், வெளிச்சம், பக்கத்து வீடு எதைப் பற்றியும் அது பேசாது. துண்டுகளுக்குள் அறைப் பெயர் எழுதத் தொடங்கிவிட்டீர்கள் என்றால் மாஸிங் வேலையை விட்டு வெளியே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம், ஷீட்டை மாற்றிவிடுங்கள்.

இப்போது செக்‌ஷன். அதே 1:500, வடக்கு–தெற்காக ஒரு வெட்டு, பக்கத்து வீட்டையும் சேர்த்து. ஒரு தளம் 7 மில்லிமீட்டர். இந்தச் சின்னப் படம்தான் மாஸிங்கில் அதிகம் பேசும் படம் என்று நான் நினைக்கிறேன், இதைத்தான் ஆட்கள் அதிகம் தவிர்க்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஜன்னலின் மேல்விளிம்பு 2.4 மீட்டர் என்றால், அதைப்போல இரண்டரை மடங்கு வரைக்கும், அதாவது சுமார் 6 மீட்டர் வரைக்கும் வாசிக்கும் அளவுக்குப் பகல் வெளிச்சம் உள்ளே வரும் என்பது பழைய கைக்கணக்கு. ப்ளாக்கின் ஆழம் 18. இரண்டு பக்கத்திலிருந்தும் 6 மீட்டர் வெள்ளையாக விட்டு நடுவில் பென்சிலால் கருப்படியுங்கள், கட்டடத்தின் மூன்றில் ஒரு பங்கு இருட்டு. மேல் தளத்தில் கூரையைத் திறந்து சமாளிக்கலாம், கீழ்த் தளத்தில் வழியில்லை. எல், பட்டை இரண்டும் 9 மீட்டர் ஆழம், முழுக்க வெளிச்சத்துக்குள் வந்துவிடுகின்றன.

அடுத்து சூரியக் கோடு. சென்னை 13 பாகை வட அட்சரேகை, டிசம்பர் 21-ஐ ஒட்டிய நண்பகலில் சூரியன் தெற்கே சுமார் 53½ பாகை உயரத்தில் நிற்கும். இதற்குப் பாகைமானி தேவையில்லை, நான்கு கட்டம் மேலே, மூன்று கட்டம் பக்கவாட்டில் எடுத்துச் சாய்கோடு போட்டால் 53 பாகைதான், கிராஃப் தாளில் கண்ணை மூடிக்கொண்டு வரையலாம். மதுரை, கன்னியாகுமரி என்று தெற்கே போகப்போகக் கோடு சில பாகை நிமிரும், இந்த அளவு படத்துக்கு அது பெரிய வித்தியாசம் இல்லை.

14 மீட்டர் உயரப் பட்டையை முதலில் வடக்கோரமாக வைத்துப் பாருங்கள், தெற்கே திறந்தவெளி கிடைக்கும் என்ற ஆசையில் பலரும் அப்படித்தான் வைப்பார்கள். பக்கத்து வீட்டுச் சுவர் அங்கிருந்து 6 மீட்டர் தூரம். சூரியக் கோடு அந்த 6 மீட்டரில் 8 மீட்டர் இறங்கி, சுவரில் 6 மீட்டர் உயரத்தில் போய் முட்டுகிறது. டிசம்பர் நண்பகலிலேயே அந்த வீட்டின் தெற்குச் சுவரில் மேலே ஒரு மீட்டர் போக மற்றதெல்லாம் நிழல். அதே பட்டையைத் தெற்கோரத்துக்குத் தள்ளினால் நிழல் பத்தரை மீட்டர் நீண்டு, வடக்கே இருக்கும் 12 மீட்டர் திறந்தவெளிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. எந்த ஓரம் என்ற கேள்விக்கு ப்ளானில் பதில் இல்லை. இங்கே ஒரே கோட்டில் பதில் வந்துவிட்டது.

எல்லுக்கும் அதே கோடு போட்டால் வேறொன்று தெரிகிறது. 10.5 மீட்டர் உயரத்துக்கு நிழல் கிட்டத்தட்ட 8 மீட்டர், இரண்டு கைகளுக்கு நடுவே அமையும் முற்றத்தின் ஆழம் 9, ஆக குளிர்காலத்தில் முற்றம் நிழலில் கிடக்கும். ஆனால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சென்னையில் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் இருக்கும், தலைக்கு மேலே, ஜூனில்கூட சுமார் 80 பாகை. அந்த மாதங்களில் தெற்குக் கை முற்றத்துக்கு நண்பகலில் நிழல் தராது. தருவது அந்தத் தூங்குமூஞ்சி மரம் மட்டும்தான். மரத்தைக் காப்பாற்றுவது அழகுக்காக என்றிருந்த பேச்சு, முற்றம் பயன்பட வேண்டுமா என்ற பேச்சாக மாறுவது இந்தப் படத்தில்தான்.

செக்‌ஷனுக்கும் குருட்டுப் பக்கம் உண்டு. வெட்டிய இடத்தை மட்டும்தான் அது காட்டும், எல்லின் இரண்டு கைகளும் சேரும் உள்மூலை ஒரே வெட்டில் வராது, அங்கேதான் வெளிச்சம் குறையும். அதனால் கிழக்கு–மேற்காக இன்னொரு வெட்டு கட்டாயம். சாயங்கால வெயிலுக்கும் இந்த நண்பகல் கோடு உதவாது, டிசம்பர் நான்கு மணிக்குச் சூரியன் சுமார் 21 பாகைக்கு இறங்கிவிடும், நிழல் உயரத்தைப்போல 2.6 மடங்கு நீண்டு வடகிழக்காக ஓடும், அதை ப்ளான் மேல்தான் போட வேண்டும்.

கண்மட்டத்து வ்யூ வேறு ஒரு கேள்விக்கானது: தெருவில் நிற்கிறவருக்கு இது எவ்வளவு பெரிது? சீக்கிரம் போட ஒரு வழி இருக்கிறது. கண்மட்டம் 1.5 மீட்டர் என்று எடுத்து, கட்டடத்தின் அருகு மூலையில் தரையிலிருந்து அடிவானக் கோடு வரைக்கும் ஒரு அளவு குறியுங்கள். அதைப்போல ஏழு மடங்கு எல், ஒன்பதைக் கொஞ்சம் தாண்டினால் பட்டை. சாலைக்கு அந்தப்புறம் நிற்பவர் கட்டடத்திலிருந்து 15 மீட்டரில் இருக்கிறார், தலையைத் தூக்காமல் மேல்நோக்கி ஏறக்குறைய 30 பாகை வரைக்கும் வசதியாகப் பார்ப்பார் என்று கொண்டால் சுமார் 10 மீட்டர் உயரம் பார்வைக்குள் அடங்கும். எல் ஏறக்குறைய அடங்கிவிடுகிறது, பட்டையின் மேல் தளம் வெளியே போய்விடுகிறது. அந்தப் பட்டை சாலைக்குக் காட்டுவதும் தன் 9 மீட்டர் முனையைத்தான், நிமிர்த்தி வைத்த தீப்பெட்டி மாதிரி.

இந்தப் படத்தைக் கோட்டில் போடாமல் கரியிலோ தட்டையான பென்சிலிலோ தேய்த்துப் போடுவது எனக்குப் பிடிக்கும். 1916-இல் நியூயார்க்கில் வந்த மண்டல விதி உயரத்தையும் பின்வாங்கலையும் கட்டுப்படுத்தியபோது, 1922-இல் ஹியூ ஃபெரிஸ் அதைப் படமாக்கியது இப்படித்தான்: விதி அனுமதிக்கும் முழுப் பருமனை முதலில் ஒரு பெரிய கருத்த மலையாக நிறுத்தி, அடுத்தடுத்த படங்களில் வெளிச்சத்துக்காகச் செதுக்கி, பிறகு கட்டக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். கோட்டில் ஆரம்பித்தால் ஜன்னல் போடக் கை துடிக்கும், தேய்ப்பில் நிழல் முகமும் வெளிச்ச முகமும் மட்டும் நிற்கும். ஆனால் வ்யூ எளிதில் பொய் சொல்லும். நிற்கும் இடத்தைச் சாலைக்கு இந்தப்புறமோ அந்தப்புறமோ நகர்த்தினால் கட்டடம் அடக்கமாகவோ ஆக்ரோஷமாகவோ மாறும். மூன்று யோசனைக்கும் ஒரே நிற்குமிடம், ஒரே கண்மட்டம், மரத்துக்கும் ஒரே உயரம் என்று வைத்தால் மட்டுமே ஒப்பிட முடியும்.

ஆக்ஸோவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. போட்டால் ப்ளானைச் சிதைக்காத வகையைப் போடுங்கள்: ப்ளானை 45 பாகை திருப்பி வைத்து, மூலைகளிலிருந்து நேராக மேலே உயரத்தை இழுப்பது. ஐசோமெட்ரிக்கில் செங்கோணம் 120 பாகையாகவும் 60 பாகையாகவும் திரிந்துவிடுவதால், துண்டுகளை அப்படியே அடியில் வைத்து வரைய முடியாது. ப்ளானைத் திருப்பிப் போடும் முறையில் உயரம் கண்ணுக்கு அதிகமாகத் தெரியும், அதனால் பலர் முக்கால் அளவுக்குக் குறைப்பார்கள், குறைத்தால் அந்தப் படத்தில் உயரத்தை அளக்கக் கூடாது. இதன் உண்மையான பலம் எது எதன் மேல் உட்காருகிறது, கைகள் எங்கே சேருகின்றன என்பதை ஒரே பார்வையில் காட்டுவது. எல்லின் உள்மூலையில் படிக்கட்டை வைத்தால் இரண்டு கைக்கும் மூன்று தளத்திலும் எட்டும் என்பதை உரிமையாளருக்குப் புரியவைக்க இதைவிட நல்ல படம் இல்லை. பலவீனம், யாருமே பார்க்காத உயரத்திலிருந்து பார்ப்பது. கூரை பெரிதாகத் தெரியும், மொட்டை மாடியில் செடி வைக்கத் தோன்றும், கீழே இருட்டில் கிடக்கும் 6 மீட்டர் ஞாபகத்துக்கே வராது.

ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் இப்படிப் பிரிப்பேன்: கால் மணி நேரம் 40 கட்டத்தை அடுக்க, அரை மணி நேரம் ஒவ்வொரு யோசனைக்கும் இரண்டு செக்‌ஷன், மிச்சத்தில் தாங்கிய யோசனைகளுக்கு மட்டும் ஒரே இடத்திலிருந்து வ்யூ. இந்த மனையில் எல் தேறுகிறது. ஆனால் அதன் தெற்குக் கை, மதியத்துக்கு மேல் தென்கிழக்கிலிருந்து வரும் கடல் காற்றை முற்றத்துக்கு வராமல் மறிக்கிறது, அதனால் அடுத்த ஷீட்டில் சோதிக்க வேண்டியது அந்தக் கையின் கிழக்கு முனையில் தரைத் தளத்தைத் திறந்துவிட்டால் என்ன ஆகும், அங்கே இழக்கும் இரண்டு மூன்று கட்டத்தை எங்கே ஏற்றுவது என்பது.