ஸ்டீம் டவுன்லோட் ரீஜன்: மூன்று ஆண்டு மாற்றி மாற்றிப் பார்த்த அனுபவம்

சென்ற வாரம் அக்கா மகன் திருநெல்வேலியிலிருந்து அழைத்தான். “மாமா, ஸ்டீம்ல கேம் இறங்கவே மாட்டேங்குது. எல்லாரும் டிஎன்எஸ்ஸை மாத்தச் சொல்றாங்க. மாத்திடவா?” என்று கேட்டான். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீமில், எந்த ஊர்ச் சர்வரிலிருந்து இறக்குவது என்பதைச் சொல்லும் டவுன்லோட் ரீஜனை மூன்று ஆண்டுகளாக மாற்றி மாற்றிப் பார்த்து வருபவன் என்ற முறையில் அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

என்னுடையது மதுரையில் ஓர் உள்ளூர் நிறுவனம் கொடுத்திருக்கும் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. கணக்குப்படி நொடிக்கு 12.5 மெகாபைட் வர வேண்டும். 92 ஜிபி விளையாட்டு ஒன்று இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிட வேண்டும். முதல் ஆண்டில் ஒரு சனிக்கிழமை மாலை அப்படியொரு விளையாட்டைத் தொடங்கியபோது வேகம் 1.4 மெகாபைட்டைத் தாண்டவில்லை. அதே வேகத்தில் போனால் பதினெட்டு மணி நேரம் ஆகும். இணைப்புக் கொடுத்தவர்களை அழைத்தால், “ஸ்பீட் டெஸ்ட்ல தொண்ணூத்தஞ்சு வருதே சார், எங்க பக்கம் ஒண்ணும் இல்லை” என்றார்கள். அந்தப் பதில் எனக்கு இன்றும் கோபமூட்டுகிறது. ஸ்பீட் டெஸ்ட் பெரும்பாலும் அருகிலுள்ள சர்வரைத்தான் தேர்ந்தெடுக்கிறது. அது அவர்களுடைய வலையமைப்புக்குள்ளேயே இருந்துவிட்டால், வெளியே செல்லும் பாதையில் உள்ள நெரிசல் அந்த எண்ணில் தெரியவே தெரியாது.

உண்மை நிலவரத்தைக் காட்டியவை இரண்டு சோதனைகள். கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைத்தேன். அதே விளையாட்டு நொடிக்கு 6 மெகாபைட்டில் இறங்கியது. ஆகவே கணினியிலும் ஸ்டீமிலும் குறை இல்லை. பிறகு ஸ்டீம் நிறுவப்பட்ட கோப்புறையில் `logs` என்பதற்குள் இருக்கும் `content_log.txt` கோப்பைத் திறந்து, எந்தச் சர்வரிலிருந்து இறங்குகிறது என்று பார்த்தேன். ஸ்டீமின் சொந்தச் சர்வர்களின் பெயர் `steamcontent.com` என்று முடியும். பெயரின் நடுவே விமான நிலையக் குறியீடு போன்ற மூன்று எழுத்துகள் இருக்கும். `maa` என்றால் சென்னை, `bom` என்றால் மும்பை. எனக்கு வந்துகொண்டிருந்தது சென்னையிலிருந்து.

மதுரைக்காரனுக்குச் சென்னைதானே பக்கம் என்று தோன்றும். ஆனால் வரைபடத்தில் உள்ள தூரத்துக்கும் இணையத்தில் உள்ள தூரத்துக்கும் தொடர்பு குறைவு. உள்ளூர் நிறுவனம் எந்தப் பெரிய நிறுவனத்திடம் இணைய இணைப்பை வாங்குகிறது, அந்த இணைப்பு எங்கே போய்ச் சேருகிறது என்பதுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. என் யூகம், மாலை ஏழிலிருந்து பதினொன்று வரை அவர்களுடைய சென்னைப் பாதை நிரம்பி வழிந்தது என்பதே. காலை ஆறு மணிக்கு அதே சென்னை முழு வேகம் கொடுத்ததால் அப்படி நினைக்கிறேன்.

டவுன்லோடை நிறுத்தினேன். `Settings`, அதில் `Downloads`, அதில் `Download Region` என்று போய் மும்பையைத் தேர்ந்தெடுத்தேன். ஸ்டீமை முழுவதுமாக மூடித் திறந்து தொடர்ந்தேன். வேகம் 9 மெகாபைட்டுக்கு ஏறி அங்கேயே நின்றது. ஏற்கெனவே இறங்கிய பகுதி வீணாகவில்லை. விளையாட்டு ஏறத்தாழ ஒரு மெகாபைட் அளவுள்ள சிறு துண்டுகளாகத்தான் வருகிறது, மீதித் துண்டுகளை மட்டும் புதிய சர்வரிடம் கேட்கிறது. கடையில் விலை காட்டப்படும் நாட்டுக்கும் இந்த அமைப்புக்கும் சம்பந்தம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரூபாய் விலை மாறிவிடும் என்று பயந்து பலர் இதைத் தொடாமலே இருக்கிறார்கள். அன்றிரவு சாப்பிட்டு வருவதற்குள் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. இவ்வளவு சிறிய மாற்றத்தில் இவ்வளவு பலன் கிடைத்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

டிஎன்எஸ் விஷயம் இப்படிப்பட்டதல்ல. டிஎன்எஸ் என்பது பெயரைக் கொடுத்து முகவரியை வாங்கும் இடம். முகவரி கிடைத்த பிறகு தரவு வரும் பாதையில் அதற்கு வேலை இல்லை. ஸ்டீமுக்குள் அதற்கென்று தனி அமைப்பும் இல்லை; விண்டோஸிலோ ரூட்டரிலோதான் மாற்ற வேண்டும். ஆனாலும் ஓரிடத்தில் அது குறுக்கே வருகிறது. ஸ்டீம் தன் சர்வர்களோடு அகமாய் போன்ற விநியோக நிறுவனங்களின் சர்வர்களையும் பயன்படுத்துகிறது. அங்கே, கேட்ட டிஎன்எஸ் எந்த வலையமைப்பில் இருக்கிறது என்பதைப் பார்த்து, அதற்கு அருகிலுள்ள சர்வரின் முகவரியைக் கொடுக்கிறார்கள். இணைப்பு நிறுவனத்தின் சொந்த டிஎன்எஸ் கேட்டால், அந்த நிறுவனத்துக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கும் சர்வரின் முகவரி கிடைக்க வாய்ப்பு உண்டு. கிளவுட்ஃப்ளேரின் பொது டிஎன்எஸ்ஸான 1.1.1.1 கேட்டால், அது தனியுரிமை கருதிப் பயனரின் வலையமைப்பு விவரத்தை முன்னால் அனுப்புவதில்லை என்பதால், பொதுவான வேறொரு முகவரி வரலாம். கூகுளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8 அந்த விவரத்தின் ஒரு பகுதியை அனுப்புவதால் இந்தச் சிக்கல் குறைவு.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டாம் ஆண்டில் ரூட்டரில் 1.1.1.1 என்று வைத்த மறுநாள், அகமாய் வழியாக வந்த ஒரு டவுன்லோடு பாதி வேகத்துக்கு விழுந்தது. கீழ்க்கண்ட இரண்டு வரிகளையும் இட்டுப் பார்த்தேன்.

```
nslookup steampipe.akamaized.net
nslookup steampipe.akamaized.net 1.1.1.1
```

முதல் வரி, ரூட்டரைப் பழைய டிஎன்எஸ்ஸுக்குத் திருப்பிய பின் இட்டது. அதில் வந்த முகவரிக்குப் பிங் 4 மில்லிநொடி. இரண்டாவதில் வந்ததற்கு 38. அன்றே பழையதை நிலைநிறுத்திவிட்டேன். இணைப்பு நிறுவனத்தின் டிஎன்எஸ் பதிலளிக்கத் தாமதித்து, டவுன்லோடு தொடங்கவே இழுபறியானால் மாற்றுவதில் பொருள் உண்டு. தொடங்கிய பின் வேகம் குறைவாக இருப்பதற்கு அதை மருந்தென்று சொல்வது பெரும்பாலும் தவறு.

ரீஜன் மாற்றத்தைப் புகழ்ந்தேனே, அதில் எனக்குத் தீராத எரிச்சல் ஒன்றும் உண்டு. அதன் பலன் நிலைத்துத் தங்குவதில்லை. மும்பையை வைத்துவிட்டு நான் மறந்துபோனேன். ஓராண்டு கழித்து இணைப்பு நிறுவனம் தன் பாதையை மாற்றியிருக்கிறது; எவரும் சொல்லவில்லை. மூன்று வாரம் 2 மெகாபைட்டில் தவித்து, கேச்சை அழித்து, மறுபடி லாகின் செய்து, கேபிளையும் மாற்றிய பிறகுதான் சென்னைக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. உடனே 11 மெகாபைட் வந்தது. அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இப்போதும் மனம் கசக்கிறது.

அக்கா மகனுக்கு வந்தது இவை எதுவுமே இல்லை. ஸ்டீமின் டவுன்லோடு பக்கத்தில் உள்ள வேக வரைபடத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். நெட் வேகம் நன்றாக ஏறி, திடீரென்று பூஜ்யமாகி, மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. பூஜ்யமாகும் ஒவ்வொரு முறையும் டிஸ்க் கோடு மட்டும் உச்சத்தில் நின்றது. சுருக்கி அனுப்பப்பட்ட துண்டுகளை விரித்து எழுத அவனுடைய பழைய ஹார்டு டிஸ்க்கால் முடியவில்லை. நெரிசலாக இருந்தால் வேகம் தொடர்ந்து தாழ்ந்து கிடக்கும். இப்படிப் பல் பல்லாக வராது. எஸ்எஸ்டிக்கு மாற்றி இறக்கச் சொன்னேன், இறங்கிவிட்டது.

என் கணினியில் இப்போது சென்னைதான் இருக்கிறது. மும்பை என்னை முன்னொரு நாள் காப்பாற்றியது என்றாலும், இனி நானாக அதைத் தொடுவதாக இல்லை. பெரிய விளையாட்டு என்றால் காலை ஐந்தரைக்கு எழுந்து தொடங்கிவிடுகிறேன்.