இலக்கத்தகட்டில் தேடாதீர்கள், புத்தகத்தில் தேடுங்கள்: கம்பளையில் வாங்கிய கார்

கம்பளையில் ஒரு வாகனத் தரகரிடம் 2024 தொடக்கத்தில் ஹைபிரிட் கார் ஒன்று வாங்கி ஏமாந்தேன். தரகரின் பெயரை எழுதப்போவதில்லை. எப்படி ஏமாற்றினார் என்பதைத்தான் எழுதுகிறேன். அதே வித்தையை வேறு ஊர்த் தரகர்களும் செய்கிறார்கள்.

நான் தலவாக்கலையில் ஆசிரியர். அம்மாவை மாதம் இரண்டு முறை கண்டி வைத்தியசாலைக்குக் கூட்டிப் போக வேண்டும். பஸ்ஸில் அவரால் முடியவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி அப்போது இன்னும் திறக்கப்படவில்லை. பழைய வண்டிக்கும் புது வண்டி விலை சொன்ன காலம். சேமிப்பும் வங்கிக் கடனுமாக 58 இலட்சம் ரூபாய் சேர்த்துக்கொண்டு போனேன்.

"நுவரெலியா டாக்டர் ஒருவர் எட்டு வருடம் ஓட்டியது சேர். ஒரே கை. மழையில் நனையவிட்டதில்லை," என்றார் தரகர். கார் உண்மையிலேயே பளபளப்பாக இருந்தது. மீட்டரில் 84,000 கிலோமீட்டர்.

இலக்கத்தகடு இந்தக் கதைக்குள் வந்தது கோத்தகிரி அண்ணனால். பெரியம்மாவின் மகன் அவர். சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் எழுபதுகளில் நீலகிரிக்குப் போன குடும்பம். அங்கே வாடகைக் கார் ஓட்டுகிறார். வாகனம் வாங்குவதென்றால் அவரிடம் கேட்காமல் முடியாது. தரகரின் முற்றத்தில் நின்றபடியே வீடியோவில் அழைத்தேன். "முன்னால் தகட்டைக் காட்டு தம்பி," என்றார். காட்டினேன். "வெள்ளையில் கறுப்பு எழுத்து. சொந்த உபயோக வண்டிதான், பயப்படாதே."

தரகர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உடனே தகட்டைத் துணியால் ஒரு தரம் துடைத்துவிட்டு, "பார்த்தீர்களா சேர், வாகனத் தொழிலில் இருப்பவரே சொல்கிறார்," என்றார்.

நான் பிறந்த நாள் முதல் பார்ப்பது ஒன்றுதான்: இலங்கையில் காரானாலும் வேனானாலும் முன்னால் வெள்ளைத் தகடு, பின்னால் மஞ்சள் தகடு. டாக்டர் காருக்கும் அப்படித்தான், விமான நிலையத்துக்கு ஹயர் ஓடும் காருக்கும் அப்படித்தான். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் தலையாட்டினேன். வாங்க வேண்டும் என்று மனம் முடிவு செய்துவிட்டால் சாட்சி எங்கிருந்து வந்தாலும் போதுமென்று இருக்கிறது.

அண்ணன் சொன்னது பொய்யல்ல, அது அவருடைய நாட்டுக் கணக்கு. இந்தியாவில் வெள்ளைத் தகட்டில் கறுப்பு எழுத்து என்றால் சொந்த உபயோகம். மஞ்சள் தகட்டில் கறுப்பு எழுத்து என்றால் டாக்சி, லாரி போன்ற வாடகைத் தொழில். கறுப்புத் தகட்டில் மஞ்சள் எழுத்து என்றால் நாமே ஓட்டிச் செல்லும்படி வாடகைக்கு விடும் கார். பச்சைத் தகடு மின்சார வாகனம். அதில் வெள்ளை எழுத்தானால் சொந்தம், மஞ்சள் எழுத்தானால் வாடகை. அங்கே பதிவுச் சான்றிதழிலும் சொந்தக் காரை மோட்டார் கார் என்றும் டாக்சியை மோட்டார் கேப் என்றும் பிரித்து எழுதுகிறார்கள். இரண்டு நாள் கழித்து நான் அனுப்பிய படத்தில் பின்பக்கத் தகட்டைப் பார்த்துவிட்டு அண்ணன் பதறிப்போய் அழைத்தார்: "தம்பி, பின்னால் டாக்சித் தகடு மாட்டியிருக்கிறார்களே!" அன்று சிரித்தேன். அவர் காரணம் தப்பு, முடிவு சரி என்று மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

நமது தகட்டில் நிறம் பேசாது என்றாலும் எழுத்து கொஞ்சம் பேசும். இலக்கத்துக்கு முன்னால் வரும் எழுத்து வாகன வகையைச் சொல்லும்: காருக்கு கே, பிறகு வந்தவற்றுக்கு சி; வேனுக்கு பி; பஸ்ஸுக்கு என்; லொறிக்கு எல். இது வகை மட்டும்தான், உபயோகம் அல்ல. அதைவிடப் பயனுள்ளது ஓரத்தில் சிறிதாக இருக்கும் மாகாண எழுத்து. 2023 முதல் புதிய தகடுகளில் அதை எடுத்துவிட்டார்கள், பழைய தகடுகளில் இன்னும் இருக்கிறது. முன்பு ஒரு வாகனம் வேறு மாகாணத்தவர் பெயருக்கு மாறினால் தகட்டையும் மாற்ற வேண்டும். எட்டு வருடம் நுவரெலியா டாக்டர் பெயரில் இருந்த கார் என்றால் அதில் மத்திய மாகாணத்தின் சி.பி. இருந்திருக்க வேண்டும். நான் வாங்கிய காரில் இருந்தது மேல் மாகாணத்தின் டபிள்யூ.பி. கேட்டேன். "வாங்கியது கொழும்பில் சேர்," என்று சொல்லி முடித்துவிட்டார். வாங்கிய இடம் தகட்டில் வராது, பதிவு உரிமையாளரின் மாகாணம்தான் வரும் என்று அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும்.

இனி புத்தகம். பதிவுச் சான்றிதழ் இப்போது ஒரு தாள்தான், ஆனாலும் எல்லோரும் புத்தகம் என்றே சொல்கிறோம். முற்பணம் கட்டும் நாளில் அவர் தந்தது புகைப்படப் பிரதி. இயந்திர இலக்கம், அடிச்சட்ட இலக்கம் இரண்டையும் காரோடு ஒப்பிட்டேன், சரியாக இருந்தது. முழுமையான உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் நிறுவனம் ஏதும் இல்லை. அதோடு திருப்திப்பட்டேன். அந்தப் பிரதி இப்போது என் மேசையில் இருக்கிறது. அடிப்பக்கம் மூன்று விரற்கடை அளவுக்கு வெறுமையாக இருக்கிறது, அதன் மேல் விளிம்பில் மெல்லிய கறுப்புக் கோடு. அசலின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பிரதி எடுத்தால் விழும் நிழல் அது. மறைந்திருந்தது முன்னைய உரிமையாளர் பகுதி. மீதிப் பணம் கொடுத்து அசல் கைக்கு வந்தபோது மாலை ஐந்தரை மணி, மழை, அம்மா வீட்டில் தனியாக. மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

விற்றவராகக் கையொப்பமிட்டிருந்தவர் டாக்டரும் அல்ல. கொழும்பு முகவரிக்காரர் ஒருவர் திகதி போடாமல் கையொப்பமிட்ட உரிமை மாற்றப் படிவங்கள்தான் எனக்குக் கிடைத்தன. ஓப்பன் பேப்பர் என்கிறோமே, அதுதான். டாக்டரின் தம்பி என்றார் தரகர்.

மே மாதம் கண்டியிலிருந்து திரும்பும்போது இறம்பொடை ஏற்றத்தில் முகப்பில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. வண்டி இழுக்கவில்லை. அம்மா பின் ஆசனத்தில். மூன்று மணிநேரம் கழித்து ஒரு லொறிக்காரர் கட்டி இழுத்துக் கராஜில் விட்டார்.

கராஜ் பாஸ் பின் ஆசனத்தைக் கழற்றினார். ஹைபிரிட் பற்றரியைக் குளிர்விக்கும் காற்று இந்தக் காரில் ஆசனத்தின் பக்கத்திலுள்ள சிறு வலைவழியாகத்தான் உள்ளே போகிறது. வலைக்குப் பின்னாலிருந்த விசிறி முழுவதும் பஞ்சுபோலத் தூசி, மணல், ஒரு விமானப் பயணப்பையின் கிழிந்த பட்டி. "பின்னால் ஆள் ஏறி இறங்கி, பையை வலைமேல் சாய்த்து வைத்து ஓடிய வண்டி சேர் இது. டாக்டர் தனியாக ஓட்டினால் இப்படி ஆகாது," என்றார். பிறகு ஓட்டுநர் பக்கக் கம்பளத்தைத் தூக்கினார். ஈரத்தில் ஒட்டிப்போன ஒரு தாள் கிடந்தது. 2021 மார்ச் மாதப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ். அதில் மீட்டர் அளவும் பதிவாகியிருந்தது: 187,640.

அன்றிரவுதான் புத்தகத்தை விரித்துக் கடைசி வரைக்கும் வாசித்தேன். முன்னைய உரிமையாளர் பகுதியில் ஒரு நிறுவனத்தின் பெயர், கட்டுநாயக்க முகவரி. விமான நிலையத்தில் வெளிநாட்டவருக்குக் கார் வாடகைக்கு விடும் நிறுவனம் அது என்று பெயரே சொன்னது. பதிவின்போதிருந்த நிலை என்ற இடத்தில் மீள்சீரமைக்கப்பட்டது என்று இருந்தது. அதாவது இங்கே பதிவாகும் முன்பே வெளிநாட்டில் ஓடிய வண்டி. உற்பத்தி 2014, முதல் பதிவு 2015. ஒரே கை என்பதற்கு எனக்கு முன்னால் குறைந்தது மூன்று கைகள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வரி வகுப்பு என்ற இடத்தில் அப்போதும் தனியார் என்றுதான் இருந்தது. அது பொய்ப் புத்தகம் அல்ல. வாடகைக்கு விட்ட காலத்திலும் அப்படியே இருந்திருக்கிறது. நம் நாட்டில் செயலி வழியாக ஹயர் ஓடும் கார்கள் பலவும் தனியார் என்றே பதிவாகியிருக்கின்றன. ஆகவே தனியார் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு ஹயர் ஓடாத வண்டி என்று நினைத்தால் நான் வெள்ளைத் தகட்டைப் பார்த்து நினைத்ததற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. யார் பெயரில், எந்த முகவரியில் இருந்தது என்பதுதான் உபயோகத்தைக் காட்டிக்கொடுக்கும். அடுத்தது பழைய காப்புறுதிப் பத்திரம். அதில் சொந்த உபயோகமா, ஹயரா, வாடகைக்கு விடுவதா என்று எழுதியிருக்கும். பொய் சொன்னால் விபத்தில் இழப்பீடு போய்விடும் என்பதால் வாடகை நிறுவனங்கள் அங்கே பெரும்பாலும் உண்மையைச் சொல்கின்றன. பழைய பத்திரத்தைக் கேட்டேன், தொலைந்துவிட்டது என்றார் தரகர்.

வருடந்தோறும் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனை செய்தாக வேண்டும். ஆகவே பழைய சான்றிதழ்களைத் திகதி வரிசையில் வைத்தால் மீட்டர் எப்போது பின்னோக்கி ஓடியது என்று தெரிந்துவிடும். விற்பவர் ஒரு சான்றிதழையும் தரமாட்டேன் என்றால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். எரிபொருள் என்ற இடத்தில் மின்சாரம் என்றிருக்கும் வாகனத்துக்கு இந்த வழி இல்லை. அதற்குப் புகைப் பரிசோதனையே கிடையாது, கம்பளத்துக்குக் கீழே தாளும் கிடைக்காது. அப்படிப்பட்ட வண்டியை வாங்குகிறவர்கள் பற்றரியின் நிலையைக் கருவி வைத்துப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

மீள்சீரமைத்த பற்றரி, விசிறி, கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 3 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாய் ஆனது. சான்றிதழோடு தரகரிடம் போனேன். "மீட்டரை நான் தொடவில்லை சேர். எனக்கு வந்தபோதே 84,000 தான்," என்றார். டாக்டர் எங்கே என்று கேட்டேன். வெளிநாடு போய்விட்டாராம். பொலிஸில், விற்பனைக் கடிதத்தில் கிலோமீட்டரோ உரிமையாளர் எண்ணிக்கையோ எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்டார்கள். உள்ளது உள்ளபடி என்று ஒரு வரி மட்டும் இருந்தது, அதன் கீழே என் கையொப்பம்.

போன வாரம் கம்பளை வழியாக வந்த சக ஆசிரியர் ஒருவர் படம் அனுப்பினார். அதே முற்றத்தில் சாம்பல் நிறக் கார் ஒன்று நிற்கிறது. முன்னால் துடைத்து வைத்த வெள்ளைத் தகடு, ஓரத்தில் டபிள்யூ.பி. விசாரித்தாராம். நுவரெலியா டாக்டருடையது என்றாராம் தரகர்.