சோப்பா, டியூப்பா, சுடுதண்ணியா? மூலக்காரருக்கு வரும் அரிப்பு

எங்கள் லயத்தில் மூல அரிப்புக்கு மூன்று வைத்தியம் ஓடுகிறது: சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவுவது, பார்மசியில் டியூப் வாங்கிப் பூசுவது, சுடுதண்ணியில் உட்காருவது. கொழுந்தெடுக்கிற என் சித்தி மூன்றையும் செய்து பார்த்தவர்.

முதலில் சோப்பு. மலையிலிருந்து வந்ததும் ஒரு தடவை, படுக்கும் முன் இன்னொரு தடவை. "கழுவக் கழுவக் கூடுதுடி" என்றார். கூடத்தானே செய்யும்! உள்மூலம் வெளியே தள்ளும்போது வழவழப்பான சளியும் சில வேளை துளி மலமும் கசியும், அந்த ஈரத்தில் ஏற்கெனவே ஊறிப்போன தோலின் எண்ணெய்ப் பசையையும் சோப்பு எடுத்துவிடுகிறது. காய்ந்து வெடித்த தோல் இன்னும் அரிக்கும், சொறிந்தால் புண்ணாகும். டெட்டோல் இதைவிட மோசம். மழை நாளில் இடுப்பில் கட்டும் பொலித்தீன் படங்கு வேறு, உள்ளே வேர்வையைப் பிடித்து வைத்திருந்தது.

அப்புறம் டியூப். ஸ்டீரொய்ட் கலந்தது, இரண்டே நாளில் அரிப்பு நின்றது. அதுதான் வினை. ஒன்றரை மாதம் விடாமல் பூசினார், தோல் மெலிந்து, தண்ணீர் பட்டாலே எரிந்தது. ஒரு வீத ஹைட்ரோகோர்ட்டிசோன் மாதிரி வீரியம் குறைந்த ஸ்டீரொய்ட் என்றாலும், டாக்டர் சொல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். மரக்கச் செய்யும் மருந்து கலந்த டியூப் சிலருக்கு ஒவ்வாமையாகி அரிப்பைக் கிளப்பும்.

என் வோட்டு சுடுதண்ணிக்கு, ஆனால் பாதி வோட்டுதான். பேசினில் 10 - 15 நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை உட்கார்ந்தால் வலியும் இறுக்கமும் தளரும். குளிருக்கு இதமாக இருக்கிறதென்று கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது, முழங்கையை விட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், உப்பு ஒன்றும் போடத் தேவையில்லை. ஈரத்தோடு எழுந்து உடுப்பைப் போட்டுக்கொண்டால் பழைய கதைதான். சித்திக்கு வித்தியாசம் தெரிந்தது அதற்குப் பிறகு செய்ததில்: பழைய பருத்தித் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, நன்றாகக் காய்ந்ததும் வெஸ்லினோ சிங்க் ஒக்சைட் களிம்போ மெல்லிசாகப் பூசினார். கசிவு தோலில் படாமல் அது தடுக்கிறது.

கசிவா என்று தெரியாவிட்டால், கழுவித் துடைத்து இரண்டு மணி நேரம் கழித்து வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். பிசுபிசுப்பு என்றால் சளி, பழுப்புக் கறை என்றால் மலம். மலம் கசிந்தால் பூச்சு மட்டும் போதாது, கீரை, பருப்பு, தண்ணீர் என்று மலம் இளகி முழுதாகப் போகும்படி பார்க்க வேண்டும். சாயத் தேத்தண்ணியைக் குறைத்தாலும் சிலருக்குக் குணம் தெரியும், தோட்டத்தில் இதைச் சொன்னால் யார் கேட்பார்கள்!

இரவில் மட்டும் அரித்து, வீட்டுப் பிள்ளைகளும் சொறிந்தால் அது கீரிப்பூச்சியாக இருக்கலாம், அப்படியென்றால் பூச்சி மருந்தை வீட்டில் எல்லாரும் எடுக்க வேண்டும். ரத்தம் போனால், கட்டி தட்டுப்பட்டால், இரண்டு மூன்று வாரத்தில் அடங்காவிட்டால் மூலம்தானே என்று விடாமல் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். சித்தி இப்போது மழை விட்டதும் படங்கை அவிழ்த்துவிடுகிறார்.