பென்ஷன் கணக்கைத் தொடாமல் இரண்டு வருடம்

செக்கில் ஓர் எழுத்து பிசகினாலும் அதைக் கிழித்துவிட்டு வேறு எழுதுகிற ஆள் நான். பள்ளிக்கூடத்து வாத்தியார் புத்தி, ஓய்வு பெற்றும் போகவில்லை. போனில் பணம் அனுப்பச் சொன்னபோது என் பயமெல்லாம் ஒன்றுதான்: விரல் தவறினால் எதைக் கிழிப்பது?

பேரன் அதற்கு ஒரு வழி செய்தான். பென்ஷன் வருகிற கணக்கை யுபிஐ-யில் சேர்க்கவே இல்லை. வேறொரு சேமிப்புக் கணக்கில் 2,000 ரூபாய் போட்டு, அதை மட்டும் இணைத்தான். "போனாலும் இவ்வளவுதான் ஆச்சி போகும், தைரியமா அமுக்குங்க" என்றான். முதல் வாரம் முழுக்க அவனுக்கே ஒரு ரூபாய், ஒரு ரூபாயாக அனுப்பினேன். இப்போதும் புது ஆளுக்கு முதலில் ஒரு ரூபாய்தான். வந்துவிட்டது என்று அவர் சொன்ன பிறகே மீதி. நம் போனில் நாம் பதிந்து வைத்த பெயரை நம்பக் கூடாது. ரகசிய பின் நம்பரைப் போடுவதற்கு முன்னால் வங்கிக் கணக்கில் உள்ள பெயர் திரையில் வரும், அதைத்தான் வாசிக்க வேண்டும். பால்காரர் பெயரைத் தட்டினால் அவர் மனைவி பெயர் வந்தது. கேட்டுக்கொண்டுதான் அனுப்பினேன்.

நான் பயந்த தப்பு நடக்கவில்லை. வேறொன்று நடந்தது. மருந்துக் கடையில் 640 ரூபாய் அனுப்பினேன். எனக்குப் பணம் கழிந்ததாகக் குறுஞ்செய்தி வந்துவிட்டது, கடைக்காரரின் பெட்டி பேசவில்லை. திரையில் "Pending" என்றே நின்றது. பின்னால் நாலு பேர் வரிசையில். மறுபடி அனுப்பிவிடலாம் என்று கை போனது. அதற்குள் பேரனுக்குப் போன் போட்டேன். "திரும்ப அனுப்பிராதீங்க ஆச்சி. ரெண்டும் போயிரும். இப்போ ரொக்கமா கொடுத்துட்டு வாங்க."

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து 12 இலக்க எண்ணைக் காட்டினான். புகார் செய்ய வேண்டி வந்தால் அதுதான் ஆதாரம். ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி, கடைக்குப் போய்ச் சேராத பணம் 5 நாளைக்குள் தானாகத் திரும்ப வேண்டும்; தனி ஆளுக்கு அனுப்பியது என்றால் மறுநாளே. தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் வங்கி நமக்குத் தர வேண்டும். எனக்கு மூன்றாம் நாள் வந்துவிட்டது. அந்த 100 ரூபாய்க்கு வாய்ப்பில்லாமல் போனதில் லேசான வருத்தம்தான்!

ஆனால் தப்பான ஆளுக்கு நாமே அனுப்பிய பணத்துக்கு இந்த விதி உதவாது. அது தானாகத் திரும்பாது, வாங்கியவர் சம்மதித்தால்தான் உண்டு. அதனால்தான் அந்த ஒரு ரூபாயை விடமாட்டேன் என்கிறேன்.

இன்னொன்று, பணம் வாங்குவதற்கு அந்த பின் நம்பர் தேவையே இல்லை. போன மாதம் பழைய கட்டிலை விற்கப் போட்டிருந்தேன். "கியூஆர் அனுப்பியிருக்கேன், பின் போட்டால் பணம் வரும்" என்றார் ஒருவர். "தம்பி, பின் போட்டால் என் பணம்தான் போகும்" என்றதும் லைன் கட்டாகிவிட்டது.

பென்ஷன் கணக்கை இன்னும் இணைக்கவில்லை. மாதாமாதம் வங்கிக்குப் போய் 3,000 ரூபாயை இந்தக் கணக்கில் போட்டுவிட்டு வருகிறேன். அதையும் போனிலேயே செய்யலாமே என்று பேரன் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.