ஆள் திடீர்னு நின்னா கணக்கு முடிக்கிற அவசரத்துல ஏமாறாதீங்க, எனக்கு 41,000 போச்சு

திருப்பூர்ல சின்னதா எலக்ட்ரிக்கல் கடை வச்சிருக்கேன், ஒயர், ஸ்விட்ச், ஃபேன், மோட்டார் சாமான். என்னோட சேர்த்து மூணு பேர். கவுன்டர்ல இருந்த தம்பி ரெண்டு வாரம் முன்னாடி 11ம் தேதி சாயங்காலம் "நாளையில இருந்து வரலைங்ணா"ன்னு சொல்லிட்டு நின்னுட்டான். நிக்கட்டும், அது அவன் இஷ்டம், அதுக்கு நான் கோவப்படல. அதுக்கப்புறம் நடந்ததுக்குதான் இந்தப் பதிவு. நேத்து ராத்திரி உக்காந்து கூட்டிப் பாத்தா மொத்தம் 41,000 ரூபா. இன்னும் வயிறு எரியுது.

அவன் என்கிட்ட நேரா வந்தவன் இல்ல. கடைகளுக்கு ஆள் சேர்த்து விடுற ஒரு ஏஜென்சி மூலமா வந்தான். பேரு சொல்லல, சொன்னா வேற பிரச்சனை வரும். வருஷத்துக்கு ஐயாயிரம் கட்டினா ஆளோட ஆதார் செக் பண்றது, நின்னா சாவி, பொருள், வேலை எல்லாம் ஒப்படைக்க வைக்கிறது அவங்க பொறுப்புன்னு பேச்சு. அந்த ஐயாயிரத்தை நான் 41,000ல சேக்கவே இல்ல, அது தனி.

அன்னைக்கு ஏஜென்சில இருந்து ஒருத்தர் கூடவே வந்தாரு. அவன் முகம் வாடி நின்னுட்டிருந்தான், அம்மாவுக்கு முடியலங்ணான்னான், நானும் டீ வாங்கிக் குடுத்து கணக்கு போட்டேன். சம்பளம் மாசம் 18,000, நாள் கணக்கு 600, பதினோரு நாளைக்கு 6,600, எடுக்காத லீவு நாலு நாளைக்கு 2,400, ஆக 9,000. ஆனா தீபாவளிக்கு வாங்கின அட்வான்ஸ்ல இன்னும் 6,000 பாக்கி. அதைப் பிடிக்கலாமான்னு கேட்டதுக்கு "இப்ப பிடிக்க வேண்டாம் சார், மனசு நோகும், நாங்க அடுத்த கடைல அவனுக்கு வர்ற சம்பளத்துல பிடிச்சுத் தர்றோம்"னாரு. நம்பினேன். முழுசா 9,000 ஜிபே பண்ணேன், பண்ணின கையோட சாவிக் கொத்தை நீட்டினான், சிவப்புக் கயிறு கட்டின அதே கொத்து, அஞ்சு சாவி. எண்ணிப் பாத்து டிராயர்ல போட்டேன். எண்ணினேனே தவிர ஒண்ணைக் கூட பூட்டுல விட்டுப் பாக்கல.

மறுநாள் காலைல குடோன் சாவி பூட்டுல பாதி தான் உள்ள போகுது, திரும்ப மாட்டேங்குது. சைஸ் ஒண்ணு, சாவி வேற. ஷட்டர், குடோன் ரெண்டுக்கும் பூட்டு மாத்தினதுல கூலியோட 3,600. உள்ள ஏதாச்சும் குறையுதான்னு கேட்டா சத்தியமா எனக்குத் தெரியாது, ஏன்னா அவன் போறப்ப ஸ்டாக் எண்ணவே இல்ல. 90 மீட்டர் காயில் ஒயர் எத்தனை இருந்ததுன்னு அவன் தலைக்குள்ள தான் இருந்தது. எண்ணாததுக்கு யாரைத் திருடன்னு சொல்றது?

பெரிய அடி அது இல்லீங்க. கடை வாட்ஸ்அப் நம்பர். ஃபோன் என்னுது, சிம் அவன் ஆதார்ல வாங்கினது, அப்ப சிம் வாங்க எனக்கு நேரமில்லன்னு அவனையே வாங்கிக்கச் சொன்னேன். போறப்ப ஃபோனைக் குடுத்துட்டு "சிம் என் பேர்ல இருக்குதுங்ணா"ன்னு கழட்டிட்டுப் போய்ட்டான், நானும் சரி, அவனுது தானேன்னு விட்டுட்டேன். ரெண்டு நாள் கழிச்சு கடை ஃபோன்ல வாட்ஸ்அப் லாக் அவுட் ஆகி நிக்குது. நெட் பிரச்சனைன்னு நினைச்சு ஃபோனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டு உக்காந்திருந்தேன், மடையன் நான். அவன் அந்த சிம்மை வேற ஃபோன்ல போட்டு ஓடிபி வாங்கி அதே நம்பரை ஓபன் பண்ணிட்டான், எங்க கடை பேரு, எங்க போர்டு ஃபோட்டோ எல்லாம் போட்டு. நம்ம கடன் நோட்டுல இருக்கிற எலக்ட்ரீஷியன்களுக்கு "ஜிபே நம்பர் மாறிடுச்சு, பாக்கியை இதுல போடுங்க"ன்னு மெசேஜ். மூணு பேர் போட்டுட்டாங்க: 14,200, 9,700, 7,500. மொத்தம் 31,400. அவங்களைத் திட்டி என்ன பண்றது, ரெண்டு வருஷமா ஆர்டர் அனுப்பின நம்பர், கடை பேரோட வந்தா யார் சந்தேகப்படுவா? அவங்ககிட்ட மறுபடி கேக்க எனக்கு மூஞ்சி இல்ல.

31,400, பூட்டு 3,600, பிடிக்காம விட்ட அட்வான்ஸ் 6,000. நாப்பத்தோராயிரம்.

ஏஜென்சிக்கு ஃபோன் பண்ணா முதல் நாள் "பேசிட்டு சொல்றோம் சார்", ரெண்டாவது நாள் "அவன் நம்பர் ஸ்விட்ச் ஆஃப்", மூணாவது நாள் எடுத்த பொண்ணு "சார் நீங்க செட்டில்மென்ட் குடுத்துட்டீங்கல்ல, அப்ப ஃபைல் க்ளோஸ்"னு சொல்லிடுச்சு. அடுத்த கடை சம்பளத்துல பிடிச்சுத் தர்றேன்னாரே அவர் எங்கன்னு கேட்டா அவர் இப்ப வேலைல இல்லையாம். ஆமா, அவரும் நின்னுட்டாராம், அவரோட சாவியை யார் வாங்கினாங்களோ. ஸ்டேஷன்ல மனு குடுத்து ரசீது வாங்கிருக்கேன், மூணு பேரோட ஜிபே ஸ்க்ரீன்ஷாட் கொண்டு வாங்கன்னு சொல்லிருக்காங்க.

என் மச்சான் வக்கீல், அவன் திட்டினது இது. சம்பளத்தை சாவிக்காக மாசக் கணக்கா நிறுத்தி வைக்க முடியாது, 2025 நவம்பர் 21ல இருந்து அமலுக்கு வந்த ஊதியச் சட்டத்துல ஆள் தானா நின்னாலும் ரெண்டு வேலை நாளுக்குள்ள கணக்கு முடிக்கணும். அதனால அந்த ரெண்டு நாள் தான் நம்ம கையில இருக்கு, அன்னைக்கே முடிச்சுத் தீரணும்னு யாரும் சொல்லல. அட்வான்ஸைப் பிடிக்கலாம், ஆனா மொத்தமா பிடிக்கிறது சம்பளத்துல பாதியைத் தாண்டக் கூடாதாம், அப்ப என் கணக்குல 4,500 பிடிச்சுட்டு மீதி 1,500க்கு எழுதி வாங்கிருக்கணும். நான் ஒத்தப் பைசா பிடிக்கல.

விவரமா எழுதலாம்னு தான் ஆரம்பிச்சேன், கோவத்துல முடியல, சுருக்கமா சொல்றேன். கடை நம்பர் சிம் உங்க பேர்ல இருக்கணும். இப்ப ஆள் பேர்ல இருந்தா, அவன் நிக்கிறதுக்கு முன்னாடியே உங்க சிம்மைப் போட்டு வாட்ஸ்அப்ல `Change number` குடுத்து மாத்திடுங்க, எல்லாருக்கும் தெரிவிக்கிற ஆப்ஷனும் அதுலயே இருக்கு. சாவியை எண்ணாதீங்க, அவனை நிக்க வச்சே ஒவ்வொரு பூட்டா திறந்து பாருங்க. கடன் நோட்டுல இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் அவன் முன்னாடியே ஃபோன் போட்டு "பாக்கி இவ்வளவு தானே, இனிமே என்கிட்ட மட்டும் குடுங்க"ன்னு சொல்லுங்க, அரை மணி நேர வேலை. இதெல்லாம் ஆன பிறகு ஜிபே.

இன்னொண்ணு விட்டுட்டேன், சர்வீஸுக்குப் போன சாமான். காலைல ஒருத்தர் வந்து "என் ரெண்டு ஃபேன் எங்கங்க"ன்னு கேக்கறாரு, அவன் எந்த சர்வீஸ் சென்டர்ல போட்டான், ரசீது எங்கன்னு எனக்குத் தெரியல. ரெண்டு இடம் ஃபோன் பண்ணிட்டேன், ரெண்டு பேரும் இல்லன்னுட்டாங்க. மூணாவது இடத்துக்கு இப்ப நேர்ல போறேன், ஃபேன் கேட்டு வந்தவர் என் கடைலயே உக்காந்திருக்காரு.